பாஸ்புக்கில் தெரியாத முடக்கம்: ஐபிஓ பணத்தை வங்கிக் கணக்கில் பின்தொடர்வது எப்படி

ஐபிஓவுக்கு, அதாவது ஒரு நிறுவனத்தின் பொதுப் பங்கு வெளியீட்டுக்கு, முதல் முறை விண்ணப்பித்தவர்கள் இரண்டு கேள்விகளோடு வருவார்கள். விண்ணப்பித்த மறுநாள், "பணம் போய்விட்டது, ஆனால் அறிக்கையில் பற்று வரியே இல்லையே" என்பார்கள். பங்கு கிடைக்காத பிறகு, "பணத்தைத் திருப்பித் தந்ததாகச் சொல்கிறார்கள், வரவு வரியே இல்லையே" என்பார்கள். இரண்டுக்கும் ஒரே பதில்தான். பணம் போகவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. அது உங்கள் கணக்கிலேயே, தொட முடியாதபடி பூட்டப்பட்டுக் கிடந்தது.

இதற்கு ஆஸ்பா முறை என்று பெயர். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி இதை 2008இல் கொண்டுவந்தது. அதற்கு முன்பு காசோலையோடு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, பங்கு கிடைக்காதவர்கள் பணம் திரும்பி வருவதற்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. 2016 ஜனவரி முதல் பொதுப் பங்கு வெளியீடுகளுக்கு இந்த முடக்க முறை கட்டாயமானது. 2019 முதல் சிறு முதலீட்டாளர்களுக்கு யுபிஐ வழியும் சேர்ந்துகொண்டது. வங்கியின் இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பித்தாலும், பங்குத் தரகரின் செயலியில் விண்ணப்பித்து யுபிஐயில் மேண்டேட் எனப்படும் முன் அனுமதிக்கு ஒப்புதல் கொடுத்தாலும், உங்கள் கணக்கில் நடப்பது ஒன்றுதான்: பணம் நகராது, அதன் மீது ஒரு பிடி விழும். வங்கிக்காரர்கள் இதை லீன் என்பார்கள்.

பணம் நகராததால் வரியும் விழாது. வங்கி அறிக்கை என்பது நடந்த பரிவர்த்தனைகளின் பட்டியல், பிடி என்பது பரிவர்த்தனை அல்ல. ஆகவே அறிக்கையை மட்டும் மேலும் கீழும் புரட்டிக்கொண்டிருந்தால் ஐபிஓ முடக்கம் பெரும்பாலும் கண்ணில் படாது. அதைக் காண ஒரு கழித்தல் கணக்கு போட வேண்டும்.

இரண்டு இருப்புகள், ஒரு வித்தியாசம்

வங்கிச் செயலியிலோ நெட் பேங்கிங்கிலோ கணக்கின் விவரப் பக்கத்தைத் திறந்தால் இரண்டு தொகைகள் இருக்கும். ஒன்று கணக்கில் உள்ள மொத்தப் பணம். இது Ledger Balance, Book Balance, Total Balance என்று வங்கிக்கு வங்கி வெவ்வேறு பெயரில் வரும். மற்றொன்று Available Balance, அதாவது நீங்கள் இப்போது எடுத்துச் செலவழிக்கக்கூடிய தொகை. முந்தையதை மொத்த இருப்பு என்றும் பிந்தையதை எடுக்கக்கூடிய இருப்பு என்றும் இங்கே சொல்கிறேன்.

மொத்த இருப்பிலிருந்து எடுக்கக்கூடிய இருப்பைக் கழியுங்கள். வருவதுதான் பிடியில் இருக்கும் தொகை. சில வங்கிகள் இதை Lien Amount அல்லது Hold Amount என்று தனி வரியாகவே காட்டிவிடும். காட்டாவிட்டாலும் கழித்தல் எல்லா வங்கிக்கும் ஒன்றுதான்.

இதில் ஒரு சிக்கல் உண்டு, பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். மாதக் கடைசியில் மின்னஞ்சலில் வரும் அறிக்கையிலும் பாஸ்புக்கிலும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அச்சாகும் இருப்பு, மொத்த இருப்பு மட்டுமே. எடுக்கக்கூடிய இருப்பு அந்தந்த நேரத்துக்கு உரியது. நேற்று அது எவ்வளவு இருந்தது என்று இன்று நீங்கள் அறிக்கையைத் தோண்டிக் கண்டுபிடிக்க முடியாது. "வெள்ளிக்கிழமை விடுவிக்கவே இல்லை" என்று இரண்டு வாரம் கழித்துப் புகார் செய்பவரிடம் அதைக் காட்ட எதுவும் இருக்காது. அதனால் குறிப்பிட்ட நான்கு தருணங்களில் இரண்டு இருப்புகளும் சேர்ந்து தெரியும் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பிப்பதற்கு முன், பணம் முடக்கப்பட்ட உடன், ஒதுக்கீட்டுக்கு மறுநாள் மாலை, பங்கு பட்டியலிடப்படும் நாள் காலை. நான்கு படங்கள் போதும்.

படி 1: விண்ணப்பிக்கும் முன் அடித்தளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொண்டு கடைசி வரை அதையே தொடர்வோம். மொத்த இருப்பு ₹62,350. எடுக்கக்கூடிய இருப்பும் ₹62,350. வித்தியாசம் பூஜ்யம்.

எல்லாருக்கும் இது பூஜ்யமாக இருக்காது. வேறு ஏதோ கட்டணத்துக்காக வங்கி ஏற்கெனவே சில நூறு ரூபாயைப் பிடித்து வைத்திருக்கலாம், அப்போது தொடக்கத்திலேயே ஒரு வித்தியாசம் இருக்கும். சேமிப்புக் கணக்கோடு தானாக இணைந்த வைப்புநிதி உள்ளவர்களுக்கு நேர்மாறாக நடக்கும். வைப்பில் உள்ள ஒரு லட்சத்தையும் சேர்த்து எடுக்கக்கூடிய இருப்பு ₹1,62,350 என்று காட்டலாம். அப்போது வித்தியாசம் பூஜ்யத்துக்குக் கீழே, ஒரு லட்சம் குறைவாகத் தெரியும். பதற வேண்டாம். நமக்கு வேண்டியது வித்தியாசத்தின் அளவு அல்ல, விண்ணப்பித்த பிறகு அது எவ்வளவு மாறுகிறது என்பதுதான். அதற்காகத்தான் இந்த முதல் படம்.

படி 2: எவ்வளவு முடங்க வேண்டும் என்று முன்கூட்டியே கணக்கிடுங்கள்

நம் கற்பனை வெளியீட்டின் விலைப்பட்டை ₹285 முதல் ₹300 வரை. ஒரு லாட், அதாவது விண்ணப்பிக்கக்கூடிய குறைந்தபட்சத் தொகுதி, 49 பங்குகள். சிறு முதலீட்டாளர்கள் பெரும்பாலும் கட்-ஆஃப் விலை என்ற வாய்ப்பைத் தேர்ந்தெடுப்பார்கள். எந்த விலை இறுதியானாலும் எனக்குச் சம்மதம் என்பது அதன் பொருள். அப்படித் தேர்ந்தெடுத்தால் பட்டையின் உச்ச விலைக்கே பணம் முடக்கப்படும். ஒரு லாட்டுக்கு 49 × 300 = ₹14,700. மூன்று லாட்டுக்கு ₹44,100.

யுபிஐ செயலியில் வரும் மேண்டேட்டிலும் இதே ₹44,100 இருக்க வேண்டும். ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் ஒப்புதல் கொடுக்காமல் தரகரின் செயலியில் விண்ணப்பத்தைத் திறந்து பாருங்கள். விண்ணப்பத்துக்கென்று தரகுக் கட்டணமோ வரியோ இந்தத் தொகையோடு சேர்வதில்லை. பங்கு எண்ணிக்கையை விலையால் பெருக்கினால் வருவது மட்டும்தான்.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். வங்கிக் கணக்கு விண்ணப்பதாரரின் பெயரில் இருக்க வேண்டும். மனைவியின் டீமேட் கணக்கில் விண்ணப்பித்துவிட்டுக் கணவரின் யுபிஐயில் ஒப்புதல் கொடுத்தால், பணம் முடங்கினாலும் சரிபார்ப்பில் விண்ணப்பம் தள்ளுபடியாகிவிடும். முடங்கியதாலேயே விண்ணப்பம் செல்லுபடியாகும் என்று நினைத்துவிட வேண்டாம்.

படி 3: முடக்கத்தை உறுதிசெய்யுங்கள்

திங்கள்கிழமை விண்ணப்பித்து மேண்டேட்டுக்கு ஒப்புதல் கொடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். வங்கியிலிருந்து ₹44,100 முடக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வரும். அதை அழிக்காதீர்கள். அதிலோ யுபிஐ செயலியின் மேண்டேட் பக்கத்திலோ UMN என்ற நீண்ட எண் இருக்கும். அது இந்த ஒரு மேண்டேட்டுக்கு மட்டுமே உரிய அடையாளம், புகார் செய்யும் நிலை வந்தால் முதலில் கேட்பார்கள்.

இப்போது கணக்கைத் திறந்தால் மொத்த இருப்பு அதே ₹62,350. எடுக்கக்கூடிய இருப்பு ₹18,250. வித்தியாசம் ₹44,100. இதுதான் உறுதிப்பாடு. மொத்த இருப்பு குறையாததால் அந்தப் பணத்துக்குச் சேமிப்பு வட்டியும் தொடர்ந்து சேர்ந்துகொண்டே இருக்கும்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் ஒரு பில்லுக்கு ₹2,150 கட்டுகிறீர்கள். மொத்த இருப்பு ₹60,200 ஆகிறது, எடுக்கக்கூடியது ₹16,100 ஆகிறது. இரண்டும் இறங்கிவிட்டன, ஆனால் வித்தியாசம் மட்டும் அசையாமல் ₹44,100 ஆகவே நிற்கிறது. தனித்தனி இருப்புகளைப் பார்த்துக் குழம்புவதைவிட வித்தியாசத்தைப் பார்ப்பது ஏன் நல்லது என்பது இங்கே புரியும். சம்பளம் வரட்டும், வாடகை போகட்டும், வித்தியாசத்தை அவை தொடாது.

குறுஞ்செய்தி வந்தும் வித்தியாசம் உயரவில்லை என்றால் பிடி விழவில்லை. யுபிஐ செயலி ஒப்புதல் ஆனதாகக் காட்டினாலும் வங்கியின் கணக்கேட்டில் பிடி இருந்தால்தான் கணக்கு. அப்படிப்பட்ட நேரத்தில் வெளியீடு முடியும் நாள் மாலை 5 மணிக்குள் மேண்டேட் ஒப்புதல் முடிந்திருக்க வேண்டும் என்ற கெடுவை மறக்க வேண்டாம். அது கடந்தால் எதைச் சரிசெய்தும் பயனில்லை.

இந்த நாட்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. என் தங்கைக்கு நடந்தது இது. பாஸ்புக்கில் பணம் நிறையத் தெரிகிறது என்று நம்பி, அதே கணக்கிலிருந்து போகும் கடன் தவணையைப் பற்றி அவள் கவலைப்படவில்லை. தவணை நாளன்று வங்கி பார்த்தது எடுக்கக்கூடிய இருப்பை. அது போதவில்லை. தவணை திரும்பியது, அபராதமும் விழுந்தது. அறிக்கையை அச்சிட்டு எடுத்துக்கொண்டு கிளைக்குப் போய், "பாருங்கள், அன்று என் கணக்கில் இவ்வளவு பணம் இருந்தது" என்று வாதாடினாள். இருந்தது உண்மைதான், ஆனால் அது பூட்டுக்குள் இருந்தது. அன்றிலிருந்து ஐபிஓவுக்கென்று தானியங்கிப் பிடித்தம் எதுவும் இல்லாத தனிக் கணக்கு ஒன்றை வைத்திருக்கிறாள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. வித்தியாசத்தைப் படிப்பதும் அப்போது எளிதாகிவிடுகிறது.

விண்ணப்பத்தைத் திருத்தினால்

சிறு முதலீட்டாளர் வெளியீடு முடியும்வரை விண்ணப்பத்தைத் திருத்தலாம், விலக்கிக்கொள்ளவும் செய்யலாம். முதலில் ஒரு லாட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு மறுநாள் மூன்றாக உயர்த்துகிறீர்கள் என்றால் ₹44,100க்குப் புதிய மேண்டேட் வரும். பழைய ₹14,700 விடுவிக்கப்பட வேண்டும், ஆனால் அது உடனே நடக்காமல் இரண்டும் சேர்ந்து பிடியில் நிற்பது உண்டு. அப்போது வித்தியாசம் ₹58,800 என்று தெரியும், நம் கணக்கில் ₹62,350இல் எடுக்கக்கூடியது வெறும் ₹3,550 ஆகிவிடும். கணக்கில் ₹50,000 மட்டுமே இருந்திருந்தால் புதிய மேண்டேட் பணப் பற்றாக்குறையால் தோற்றுப்போயிருக்கும்.

வித்தியாசம் எதிர்பார்த்ததைவிடச் சரியாக ஒரு பழைய விண்ணப்பத் தொகை அளவுக்கு அதிகமாக இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். யுபிஐ செயலியின் மேண்டேட் பட்டியலில் ஒரே நிறுவனத்துக்கு இரண்டு மேண்டேட்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று பாருங்கள். எதற்கு எந்த UMN என்று அப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஒதுக்கீட்டுக்கு மறுநாள், இதுதான் முக்கியமான நாள்

2023 டிசம்பர் முதல், வெளியீடு முடிந்த மூன்றாவது வேலைநாளில் பங்குகள் பட்டியலிடப்பட வேண்டும் என்பது கட்டாயம். நம் வெளியீடு புதன்கிழமை முடிகிறது. வியாழக்கிழமை இரவுக்குள் யாருக்கு எவ்வளவு என்ற ஒதுக்கீடு இறுதியாகும். வெள்ளிக்கிழமை பணம் எடுப்பதும் விடுவிப்பதும் நடக்கும், டீமேட்டில் பங்கு சேர்வதும் அன்றுதான். இடையில் சனி, ஞாயிறு போக, திங்கள்கிழமை பட்டியலிடப்படும். நடுவில் அரசு விடுமுறை வந்தால் எல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகும்.

முதலில் ஒதுக்கீட்டு நிலையைப் பாருங்கள். வெளியீட்டின் பதிவாளர் நிறுவனத்தின் இணையதளத்தில் பான் எண்ணோ விண்ணப்ப எண்ணோ கொடுத்தால், எத்தனை பங்குக்கு விண்ணப்பித்தீர்கள், எத்தனை கிடைத்தன என்று வரும். இந்த இரண்டு எண்களும் கையில் இல்லாமல் வங்கிக் கணக்கைப் பார்ப்பதில் பயனில்லை.

சிறு முதலீட்டாளர் பகுதியில் விண்ணப்பங்கள் குவிந்துவிட்டால், முடிந்தவரை அதிகம் பேருக்குக் குறைந்தது ஒரு லாட் போய்ச் சேர வேண்டும் என்பதே விதியின் நோக்கம். ஆகவே மூன்று லாட் கேட்டவருக்கும் பெரும்பாலும் ஒன்று கிடைக்கும், அல்லது குலுக்கலில் ஒன்றுமே கிடைக்காது. நம் ஆளுக்கு ஒன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 49 பங்குகள், இறுதி விலை ₹300. எடுக்கப்பட வேண்டியது ₹14,700. விடுவிக்கப்பட வேண்டியது ₹29,400.

இப்போது அறிக்கையில் முதன்முறையாக ஒரு வரி விழும். ₹14,700 பற்று, அருகே நிறுவனத்தின் பெயரோ ஐபிஓ என்பதைக் காட்டும் சொல்லோ மேண்டேட்டின் எண்ணோ இருக்கும். இந்தத் தொகை, கிடைத்த பங்கு × இறுதி விலை என்பதோடு ரூபாய் பிசகாமல் பொருந்த வேண்டும். இறுதி விலை ₹295 என்று முடிவாகியிருந்தால் பற்று ₹14,455 ஆகும், மீதி அனைத்தும் விடுவிக்கப்பட வேண்டும்.

பற்றைப் பார்த்ததும் பலர் திருப்தியோடு செயலியை மூடிவிடுகிறார்கள். மிச்ச முடக்கம் ஒளிந்துகொள்வது அங்கேதான். பற்று விழுவதும் மிச்சத்தை விடுவிப்பதும் வங்கிக்கு இரண்டு தனித்தனி உத்தரவுகளாக வருகின்றன. ஒன்று நிறைவேறி மற்றொன்று சிக்கிக்கொள்ள முடியும். ஆகவே பற்று விழுந்த பிறகு மீண்டும் இரண்டு இருப்புகளையும் பாருங்கள். மொத்த இருப்பு ₹60,200இலிருந்து ₹45,500 ஆகியிருக்கும். எடுக்கக்கூடிய இருப்பு மூன்று விதமாக இருக்கலாம்.

எடுக்கக்கூடியதும் ₹45,500 என்றால் எல்லாம் முறையாக முடிந்தது. வித்தியாசம் பூஜ்யம்.

எடுக்கக்கூடியது ₹16,100 என்றால், அதாவது பற்றுக்கு முன் இருந்த அதே தொகை என்றால், பூட்டுக்குள் இருந்த பணத்திலிருந்து ₹14,700ஐ எடுத்திருக்கிறார்கள், மிச்சமான ₹29,400 இன்னும் பூட்டுக்குள் இருக்கிறது. இது கண்ணுக்கு எளிதில் சிக்காது. பற்று விழுந்தும் எடுக்கக்கூடிய இருப்பு குறையவில்லையே என்று மனம் நிம்மதியடையும். உண்மையில் அது குறையாமல் இருப்பதல்ல, கூடாமல் இருப்பதுதான் பிரச்சினை.

எடுக்கக்கூடியது ₹1,400 என்றால் நிலைமை இன்னும் மோசம். பற்றுத் தொகையைப் பூட்டுக்கு வெளியே இருந்த பணத்திலிருந்து எடுத்துவிட்டு, ₹44,100 முழுவதையும் பிடியிலேயே விட்டிருக்கிறார்கள். வித்தியாசம் விண்ணப்பித்த நாளில் இருந்தபடியே நிற்பது இதன் அடையாளம்.

வெள்ளிக்கிழமை நண்பகலில் இரண்டாவது நிலையைக் கண்டால் கலங்க வேண்டியதில்லை. பணப் பரிமாற்றத்துக்கு அன்று பிற்பகல் 2 மணியும், விடுவிப்புக்கு மாலை 4 மணியும் செபியின் கால அட்டவணையில் உள்ள கெடுக்கள். முதலாவது முடிந்து இரண்டாவது முடியாத இடைவேளையில் நீங்கள் பார்த்திருக்கலாம். அன்று மாலை ஒருமுறை பாருங்கள், திங்கள்கிழமை காலையில் இன்னொருமுறை பாருங்கள். அப்போதும் வித்தியாசம் அப்படியே நின்றால் அது மிச்ச முடக்கம்தான்.

பங்கு எதுவும் கிடைக்காவிட்டால்

அறிக்கையில் எந்த வரியும் வராது. வரக் கூடாது. மொத்த இருப்பு ₹60,200 அப்படியே இருக்கும், எடுக்கக்கூடியது ₹16,100இலிருந்து ₹60,200க்கு ஏறும். அந்த மாத அறிக்கையை ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கு நீங்கள் ஐபிஓவுக்கு விண்ணப்பித்ததே தெரியாது. ₹44,100 வரவு என்று ஒரு வரியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். மாறாக, பங்கு கிடைக்காமலேயே பற்று வரி விழுந்திருந்தால் அது தவறு, அன்றே கேட்க வேண்டியது.

செயலி ஒன்று சொல்கிறது, வங்கி வேறு சொல்கிறது

யுபிஐ செயலியில் மேண்டேட் ரத்தானதாகவோ காலாவதியானதாகவோ காட்டுகிறது, வங்கிக் கணக்கில் பிடி அப்படியே இருக்கிறது. இந்த முரண்பாடு புதியவர்களை மிகவும் குழப்புகிறது. மேண்டேட் என்பது யுபிஐ அமைப்பில் உள்ள அனுமதி. பிடி என்பது உங்கள் வங்கியின் கணக்கேட்டில் உள்ள பதிவு. அனுமதி முடிந்த செய்தி வங்கிக்குப் போய்ச் சேர்ந்து, வங்கி தன் பதிவை நீக்கினால்தான் பணம் விடுபடும். நடுவில் செய்தி தொலைந்தால் அனுமதி செத்துவிடும், பிடி மட்டும் உயிரோடு இருக்கும்.

அத்தகைய நேரத்தில் யுபிஐ செயலியின் உதவி மையத்தில் மல்லுக்கட்டிப் பயனில்லை. அவர்கள் பக்கத்தில் கதை முடிந்துவிட்டது. அந்தத் திரையைப் படம் பிடியுங்கள், அதுவே உங்களுக்குச் சாட்சி. பிறகு பிடியை வைத்திருக்கும் வங்கியிடம் போங்கள்.

ஒரே வாரத்தில் இரண்டு மூன்று வெளியீடுகளுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு வித்தியாசம் எல்லா முடக்கங்களின் கூட்டுத்தொகையாக இருக்கும். எதை விடுவித்தார்கள், எதை விடவில்லை என்று தொகையை வைத்தே பிரித்தறிய வேண்டும். ஒரு தாளில் நிறுவனம், தொகை, UMN, ஒதுக்கீட்டு நாள் என்று நான்கு பத்தி கோடு போட்டுக்கொண்டால் பத்து நிமிட வேலை. நெட் பேங்கிங்கில் ஒவ்வொரு பிடியையும் தனித்தனியாகக் காட்டும் பக்கம் உங்கள் வங்கியில் இருந்தால் அதுவும் தேவையில்லை.

படி 5: மிச்ச முடக்கத்தை எப்படிக் கேட்பது

முதல் கதவு உங்கள் வங்கி. "என் ஐபிஓ பணம் வரவில்லை" என்று கேட்டால் எதிரில் இருப்பவர் அறிக்கையைத் திறந்து, "உங்கள் கணக்கிலிருந்து பணம் போகவே இல்லையே" என்பார். அவர் சொல்வதும் சரியாகவே இருக்கும். ஆகவே கேள்வியைப் பிடியைப் பற்றிக் கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். இப்படி இருக்கலாம்:

"என் கணக்கில் இன்ன தேதியில் இன்ன நிறுவனத்தின் பொதுப் பங்கு வெளியீட்டுக்காக ₹44,100 முடக்கப்பட்டது. எனக்கு 49 பங்குகள் ஒதுக்கப்பட்டு ₹14,700 பற்று வைக்கப்பட்டது. மீதி ₹29,400 மீதான லீன் இன்னும் நீக்கப்படவில்லை. இன்றைய மொத்த இருப்பு ₹45,500, எடுக்கக்கூடிய இருப்பு ₹16,100. விண்ணப்ப எண்ணும் UMN எண்ணும் கீழே உள்ளன. லீனை நீக்கி, தாமதத்துக்கான இழப்பீட்டையும் வரவு வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

பதிவாளர் இணையதளத்தின் ஒதுக்கீட்டுப் பக்கம், முடக்கக் குறுஞ்செய்தி, இரண்டு இருப்புகளும் தெரியும் படம் ஆகிய மூன்றையும் இணையுங்கள். புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் நகர வேண்டாம்.

வங்கி, "எங்களுக்கு விடுவிப்பு உத்தரவு வரவில்லை" என்று பதில் சொன்னால் அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு பதிவாளருக்கும், வெளியீட்டை நடத்திய மேலாண்மை வங்கியருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். வெளியீட்டு ஆவணத்தின் முதல் பக்கங்களிலேயே இருவரின் முகவரியும் முதலீட்டாளர் குறைதீர் மின்னஞ்சலும் அச்சிடப்பட்டிருக்கும். யுபிஐ வழி விண்ணப்பம் என்றால் தரகருக்கும் ஒரு நகல் வையுங்கள். அங்கும் நகரவில்லையென்றால் செபியின் ஸ்கோர்ஸ் என்ற புகார் தளத்தில் பதிவுசெய்யலாம். வங்கியின் மீதான குறை என்றால், வங்கியிடம் எழுதி 30 நாட்களில் தீர்வு வராதபோது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

இழப்பீட்டைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். அது சலுகை அல்ல, விதி. விடுவிப்பு தாமதமானால் நாளொன்றுக்கு ₹100 அல்லது விண்ணப்பத் தொகையில் ஆண்டுக்கு 15 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அதை முதலீட்டாளருக்குக் கொடுக்க வேண்டும் என்று செபி 2021இல் சுற்றறிக்கை வெளியிட்டது. இப்போதைய அட்டவணைப்படி அந்தத் தாமதம் வெளியீடு முடிந்த மூன்றாம் வேலைநாளிலிருந்து எண்ணப்படுகிறது, நம் எடுத்துக்காட்டில் திங்கள்கிழமையிலிருந்து.

₹44,100க்கு 15 சதவீதம் என்றால் நாளொன்றுக்குச் சுமார் ₹18. ஆகவே ₹100தான் பொருந்தும். இரண்டு லட்சம் ரூபாய்க்குக் கூட 15 சதவீதம் நாளொன்றுக்குச் சுமார் ₹82தான் வருகிறது. இரண்டு லட்சம் என்பது சிறு முதலீட்டாளர் வரம்பு என்பதால், இந்தப் பிரிவில் யாராக இருந்தாலும் நாளுக்கு ₹100 என்று கணக்கிட்டால் போதும், வட்டிக் கணக்குப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். திங்கள்கிழமை தொடங்கி அடுத்த வெள்ளிக்கிழமை பிடி நீங்கினால் நான்கைந்து நூறு ரூபாய். நாட்களை எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை எண்ணினார்கள் என்று வங்கியின் பதிலில் கேளுங்கள், நீங்கள் எடுத்து வைத்த திரைப் பதிவுகளின் தேதியோடு ஒப்பிடுங்கள்.

பிடி நீங்கியதாகப் பதில் வந்த அன்று கணக்கைத் திறந்து மீண்டும் ஒருமுறை கழித்துப் பாருங்கள். வித்தியாசம், விண்ணப்பிக்கும் முன் எடுத்த முதல் படத்தில் இருந்த அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். இழப்பீடு மட்டும் இந்தக் கதையில் வரவு வரியாக அறிக்கையில் வரும், ஏனென்றால் அது உண்மையாகவே வெளியிலிருந்து வரும் பணம்.